இரவல் மண்டபத்தில் திருவிருந்து: ஒரு புலம்பெயர் சபையின் சடங்கு மாற்றமும் ‘மாறவில்லை’ என்ற உறுதியும்

(திருத்திய ஆய்வுச்சுருக்கம், திறவுச்சொற்கள், பதிப்பாசிரியருக்கான குறிப்பு)

ஆய்வுச்சுருக்கம்

புலம்பெயர்ந்தோரின் வழிபாடு ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. புதிய நாட்டின் மதச்சூழலுக்கு ஏற்பச் சபை தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. இளைய தலைமுறைக்குத் தாய்மொழி கைநழுவிப்போகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் மாற்றம் எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த நெருக்கடியில், யாருடைய கையால் நுழைகிறது என்பதை இவை காட்டுவதில்லை. இடத்தை இரவல் வாங்கி வழிபடும் நிலையே பல மாற்றங்களின் தொடக்கம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்கும் மேலாக, அப்படி நுழைந்த மாற்றம் சில ஆண்டுகளில் ‘எங்கள் பழைய முறை’ என்ற தகுதியைப் பெற்றுவிடுவதை அது விளக்குகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, வேறொரு சபைக்குச் சொந்தமான மண்டபத்தில் ஞாயிறு பிற்பகலில் தாய்மொழியில் ஆராதனை நடத்திவந்த சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஒரு சபை. இரண்டு ஆண்டுகள் பங்கேற்று உற்றுநோக்கியது, ஆயர், மூப்பர்கள், பாடகர் குழுவினர், இளைஞர்கள் ஆகியோருடன் நடத்திய 31 நேர்காணல்கள், சபை தொடங்கிய நாள் முதலான ஆராதனை முறைமைத் தாள்கள், நிர்வாகக்குழுவின் கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவை இதன் சான்றுகள். உறுப்பினர் சிலரின் வதிவிட உரிமை இன்னும் முடிவாகாததால் சபையின் பெயர், ஊர், மொழி ஆகியவை மறைக்கப்பட்டுள்ளன.

மையச் சான்று திருவிருந்து. முன்பு உறுப்பினர்கள் வரிசையாக எழுந்து சென்று, கிராதியின் முன் முழங்காலிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் பெற்றுத் திரும்புவார்கள். இரவல் மண்டபத்தில் கிராதி இல்லை. நாற்காலிகளுக்கிடையே நடக்க வழியும் குறைவு. குறித்த நேரத்தில் சாவியை ஒப்படைக்கவும் வேண்டும். எனவே தட்டுகள் நாற்காலி வரிசைகளுக்கே வந்தன. ஒருவர் தட்டைப் பிடித்துக்கொள்ள அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். எல்லோருடைய கைக்கும் வந்து சேர்ந்த பிறகு ஒரே நேரத்தில் உண்கிறார்கள். குறிப்பேட்டில் இது ‘தற்காலிக ஏற்பாடு’ என்றே பதிவாகியிருக்கிறது. பின்னர் கிராதியுள்ள பெரிய ஆலயம் ஒன்று கிடைத்தது. சபை பழைய முறைக்குத் திரும்பவில்லை. அதற்குள், அயலாருக்குத் தட்டைப் பிடித்துக்கொடுப்பதே திருவிருந்தின் உயிர் என்று மூப்பர்கள் போதிக்கத் தொடங்கியிருந்தார்கள். முழங்காலிட்ட நாட்களைத் தம் உடலால் அறிந்தவர்கள்கூட, நேர்காணலில், இதுதான் தொடக்கம் முதலான முறை என்றார்கள்.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வரிசையில் சென்ற காலத்தில், பங்கெடுக்காதவர் தம் இருக்கையிலேயே இருந்துவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இப்போது ஞானஸ்நானம் பெறாதவரும், மனத்தாங்கலோடு வந்தவரும் தட்டிலிருந்து எதையும் எடுக்காமல் அதை அடுத்தவருக்குக் கடத்த வேண்டியிருக்கிறது. மனத்தாங்கல் உள்ள சிலர் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே தாமதமாக வருகிறார்கள். ஒற்றுமையைக் கண்ணுக்குத் தெரியவைத்த அதே முறை விலக்கத்தையும் கண்ணுக்குத் தெரியவைத்தது.

இரண்டாவது சான்று மரண நினைவு. ஊரில் பெற்றோர் இறக்கும்போது பயணப்பட முடியாதவர்களுக்காக, மன்றாட்டின் நடுவே இறந்தவர் பெயரை வாசித்து எல்லோரும் எழுந்து நிற்கும் வழக்கம் இச்சபையில் உருவாகியிருக்கிறது. முறைமைத் தாளில் இதற்குத் தலைப்பே கிடையாது. உடலும் கல்லறையும் இல்லாத இடத்தில் பிரிவுச் சடங்கின் வேலையைச் செய்யும் இந்தச் சில நிமிடங்களை, அர்னால்டு வான் கென்னப் (1909) வகுத்த பிரிதல், இடைநிலை, இணைதல் என்ற மூன்று கட்டங்களுக்குள் அப்படியே பொருத்த முடிவதில்லை. பிரிதல் ஓரிடத்திலும், இணைதல் வேறொரு கண்டத்திலும் நிகழ்கின்றன.

மொழியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு கிடைத்தது. பிரசங்கம் இருமொழியானது இளையோருக்காகத்தான். ஆனால் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து ஆயர் சொல்லும் வார்த்தைகளைத் தாய்மொழியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்கள், அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத அதே இளையோர். மூப்பர்களுக்கு அதை மாற்றுவதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை.

சடங்கு என்பதை ஒரு பொருளாகக் கொள்ளாமல், சில செயல்களை மற்றச் செயல்களிலிருந்து உயர்த்திப் பிரித்துக் காட்டும் வழிமுறையாகக் காண வேண்டும் என்ற கேத்தரின் பெல்லின் (1992) நோக்கு இக்கட்டுரைக்கு அடிப்படை. சடங்கின் ஒழுங்கு அதைச் செய்பவர்களால் முழுமையாக இயற்றப்படுவதில்லை என்ற ராய் ரப்பபோர்ட்டின் (1999) வரையறையோடு அது உரையாடுகிறது: இயற்றியவர்கள் உயிரோடிருக்கும்போதே, இயற்றிய நினைவு அழிந்து ஒழுங்கு மட்டும் நிற்பதை இச்சபையில் காண்கிறோம். மாறாமை என்பது மாற்றம் இல்லாத நிலை அன்று. மாற்றத்துக்குப் பிறகு சபை உழைத்து எட்டும் நிலை. ஒரே சபையை ஆராய்ந்ததும், சபையைவிட்டு விலகியோரிடம் பேசாததும் இம்முடிவின் எல்லைகள்.

திறவுச்சொற்கள்: சடங்கு மாற்றம், புலம்பெயர் சபை, திருவிருந்து, இரவல் வழிபாட்டிடம், மரண நினைவு, வழிபாட்டு மொழி, மாறாமை

பதிப்பாசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மதிப்பீட்டாளர்கள் இருவரின் கருத்துகளையும் படித்து, சுருக்கத்தைத் திருத்தி மேலே தந்திருக்கிறேன். உங்கள் இதழ் விரிவான சுருக்கத்தை அனுமதிப்பதால் மூன்று சான்றுகளையும் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. திருவிருந்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கட்டுரையிலும் பாதிக்கு மேல் அதுதான்.

முதல் மதிப்பீட்டாளர் ‘அடையாளம்’, ‘உலகமயமாதல்’ ஆகிய இரண்டையும் திறவுச்சொற்களில் சேர்க்கக் கேட்டிருந்தார். சேர்க்கவில்லை. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வாதமும் இல்லை. அந்தச் சொற்களைத் தட்டித் தேடுபவர் தலைப்புகளின் கடலில் இக்கட்டுரையைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. தப்பித்தவறிக் கண்டுபிடித்தாலும் ஏமாந்துதான் போவார். ‘இரவல் வழிபாட்டிடம்’ பழக்கமில்லாத சொல்லாயிற்றே என்ற அவருடைய தயக்கம் நியாயமானது. ஆயினும் வாதம் முழுவதும் அதன்மீது நிற்கிறது. தலைப்பிலும் அதன் சாயல் இருப்பதால் வாசகர் தடுமாறமாட்டார் என்று நம்புகிறேன். ‘சடங்கு மாற்றம்’, ‘புலம்பெயர் சபை’ இரண்டும் தேடுவோருக்கு வழக்கமான வாசல்கள்.

சுருக்கத்தில் கோட்பாட்டை முதலில் வைத்து, சான்றுகளைப் பின்னர் தரலாம் என்ற அவருடைய யோசனையையும் ஏற்கவில்லை. தட்டு கைமாறுவதைப் பார்த்த பிறகு பெல்லைப் படிப்பவருக்கு அவர் எதற்காக அழைக்கப்பட்டார் என்பது விளங்கிவிடும். முறையை மாற்றினால் விளக்கத்துக்காக இரண்டு பத்திகள் கூடுதலாகத் தேவைப்படும்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையையும், அது தொடங்கிய ஆண்டையும் சுருக்கத்திலேயே தரச் சொல்கிறார். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. திருச்சபை மரபு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறது. அதோடு எண்ணிக்கையும் ஆண்டும் சேர்ந்தால், அப்பகுதியை அறிந்த எவரும் சபையை அடையாளம் கண்டுவிடுவார். ‘சிறிய சபை’ என்ற விவரிப்பு கட்டுரையின் முறையியல் பகுதியில் உள்ளது. அதற்கு மேல் தேவைப்பட்டால், வெளியிடாத நிபந்தனையோடு உங்களுக்கு மட்டும் தனியாக எழுதித் தருகிறேன்.