தெற்குப் பிளாக் மறுநடவு: 220,000 வெள்ளி ஒப்புதல், 15 நவம்பர் 2025 கூட்டத்தில் முடிவு தேவை

பெறுநர்: தலைவர், இயக்குநர் வாரிய உறுப்பினர்கள்
நகல்: பொருளாளர், உள்கணக்காய்வுக் குழு
அனுப்புநர்: கழக மேலாளர், சுங்கை சிப்புட்
தேதி: 3 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாரியம் எடுக்க வேண்டிய முடிவு

1998இல் நட்ட தெற்குப் பிளாக்கின் 12 ஹெக்டர் செம்பனையை வரும் ஜனவரியில் சாய்த்து, ஏப்ரலில் மறுநடவு செய்ய, மறுநடவு நிதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 220,000 வெள்ளி எடுக்க ஒப்புதல் வேண்டும். கடன் தேவையில்லை. நாற்றுப்பண்ணை நமக்காக ஒதுக்கிய 1,790 நாற்றுகளை 30 நவம்பர் வரைதான் வைத்திருக்கும். அதற்குள் 30 சதவீத முன்பணம் போகாவிட்டால் ஏப்ரல் மழையைத் தவறவிடுவோம். அடுத்த நல்ல நடவுக் காலம் அக்டோபர்.

என் பரிந்துரை: ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு லாப ஈவு 7 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கும்.

ஏன் இப்போது

ஒரு ஹெக்டருக்கு 142 என 1,704 மரம் நட்ட இடத்தில், செப்டம்பர் கணக்கெடுப்பில் நின்றவை 1,157. மீதி 547 மரமும் கனோடெர்மா அழுகலில் போனவை. நிற்பவற்றில் இன்னும் 163 மரத்தின் அடியில் பழுப்புக் காளான் தெரிகிறது. 14ஆம் நிரையில் விழுந்த ஒன்றை அறுத்துப் பார்த்தோம். வெளிப்பட்டை உறுதியாக இருக்கிறது, உள்ளே கட்டைவிரல் சாதாரணமாகப் புதைகிறது. இப்படிப்பட்ட மரம் மட்டை பச்சையாக இருக்கும்போதே காற்றில்லாமலும் சாயும். அதன் அடியில் நின்று நீளத் தடியால் குலை வெட்டுகிறவர்கள் நம் ஆட்கள். என் கணக்கில் இதுவே முதல் காரணம். பணம் அடுத்ததுதான்.

விளைச்சல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹெக்டருக்கு 16.2 டன். கடந்த 12 மாதத்தில் 11.5 டன், மொத்தம் 138 டன். ஆலைச் சீட்டுகளின் சராசரி விலையான டன்னுக்கு 800 வெள்ளியில் வரவு 110,400. வெட்டுக்கும் லோரிக்கும் 18,630, உரம் பராமரிப்புக்கு 34,800 போக, நிகரம் 56,970 வெள்ளி. மரம் குறைந்தாலும் புல்லும் பாதையும் குறைவதில்லை, பராமரிப்புச் செலவு அப்படியே நிற்கிறது. விளைச்சல் 120, 105, 90 டன் என்று இறங்கினால் அடுத்த மூன்று ஆண்டுகளின் நிகரம் மொத்தம் 105,075 வெள்ளிதான். மறுநடவுக்காக நாம் விட்டுக்கொடுக்கும் வருமானமும் அதுவே.

செலவு (12 ஹெக்டர், வெள்ளியில்)

சாய்த்தல், தண்டைச் சீவிப் பரப்புதல், நிலம் திருத்தல்: 50,400
நோயுற்ற 710 அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தல்: 14,200
நாற்று, 5 சதவீத மாற்று நாற்றுடன்: 42,960
குழி, நடவு, மூடுபயிர், கம்பிவலை: 25,200
மூன்று ஆண்டு உரம், களை, வண்டுக் கட்டுப்பாடு: 73,200
எதிர்பாராச் செலவு: 14,040
மொத்தம்: 220,000

எதிர்பாராச் செலவு நீங்கலாக, 2026இல் மட்டும் 160,360 வெளியே போகும். அடுத்த இரு ஆண்டுகளும் தலா 22,800. 30 செப்டம்பர் நிலவரப்படி நிதியில் இருப்பது 268,400. இதைச் செய்தபின் 48,400 மிஞ்சும்.

முதல் வெட்டு 2029 தொடக்கத்தில். ஹெக்டருக்கு 8 டன்னில் தொடங்கி, ஏழாம் ஆண்டில் 20 டன் வந்தால், போட்ட பணமும் இழந்த வருமானமும் 2032இல் திரும்பிவிடும். பழ விலை 650 வெள்ளிக்கு இறங்கினால் 2033.

உறுப்பினர்களுக்கு என்ன ஆகும்

பங்கு மூலதனம் 1,900,000 வெள்ளி. அதில் 7 சதவீதம் 133,000. தெற்குப் பிளாக்கின் 57,000 வெள்ளி நின்றுபோனால் கையில் 76,000, அதாவது 4 சதவீதம். 3,000 வெள்ளி பங்கு வைத்திருப்பவர் 210க்குப் பதில் 120 வெள்ளி பெறுவார். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள். இதை வாரியமே முன்கூட்டிக் கடிதமாகச் சொல்ல வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்தான் தெரியவந்தது என்ற நிலை வரக்கூடாது.

ஆபத்துகள்

நோய் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. பழைய வேர்க்கட்டை மண்ணில் கிடந்தால் கனோடெர்மா புது நாற்றின் வேருக்கு ஏறும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் எந்த வரியிலும் கை வையுங்கள், அந்த 14,200இல் மட்டும் வேண்டாம். குத்தகையாளர் அடிக்கட்டையை மேலோடு அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவது வழக்கமான குறை. ஆகவே ஒவ்வொரு குழியையும் மண்டோர் பார்த்துக் குறித்த பின்பே பணம் கொடுக்கப்படும்.

சீவிப் போட்ட தண்டு மட்கும்போது காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும், வளர்ந்த வண்டு இளங்குருத்தைத் துளைக்கும். சீவலைக் குவிக்காமல் மெல்லியதாகப் பரப்பி, மூடுபயிரை விரைவில் படரவிட்டு, 6 கவர்ச்சிப் பொறிகள் வைக்கிறோம். எரித்துவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை, திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம்.

மாடு. இதை எழுதத் தயங்கினேன், ஆனாலும் எழுதியாக வேண்டும். தாமான் பக்கமிருந்து வரும் மாடுகளில் சில நம் உறுப்பினர்களுடையவை. கம்பிவலை முள்ளம்பன்றியைத் தடுக்கும், மாட்டைத் தடுக்காது. ஒரே இரவில் ஒரு நிரை போய்விடும். நடவுக்கு முன் உரிமையாளர்களை அழைத்துப் பேச இரண்டு வாரிய உறுப்பினர்களை நியமிக்க வேண்டுகிறேன். மேலாளர் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஜனவரியில் மழை நீடித்தால் இயந்திரம் இறங்காது. மூன்று வாரத் தாமதம்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நாற்றை மாதக் கட்டணத்தில் பண்ணையிலேயே நிறுத்தி வைப்போம்.

பார்த்துத் தள்ளிய வழிகள்

2003இல் நட்ட வடக்குப் பகுதியையும் சேர்த்து 22 ஹெக்டரையும் ஒரேயடியாக மாற்றினால் 403,000 வெள்ளிக்கு மேல் ஆகும். ஏறக்குறைய 135,000 கடன் வாங்க வேண்டும், லாப ஈவும் பெரும்பாலும் நின்றுவிடும். வடக்கு இன்னும் நன்றாகக் காய்க்கிறது, ஆண்டுதோறும் நிதியில் 30,000 சேர்த்துவந்தால் 2031இல் கடனில்லாமல் மாற்றலாம். இரண்டு ஆண்டு காத்திருந்தால் கிடைக்கும் நிகரம் சுமார் 80,000 வெள்ளி. அதற்குள் நோயுற்ற அடிக்கட்டைகள் கூடும், ஆள் மேல் மரம் விழும் ஆபத்தும் நீடிக்கும்.

முனியாண்டி கோயிலைச் சுற்றியுள்ள மரங்கள் இந்தத் திட்டத்தில் இல்லை. அங்கே இயந்திரம் போகாது, எல்லைக்கயிறு கட்டிவிடுவோம்.

தீர்மான வாசகம்

"தெற்குப் பிளாக் 12 ஹெக்டர் மறுநடவுக்கு மறுநடவு நிதியிலிருந்து 220,000 வெள்ளிக்கு மிகாமல் செலவிடவும், நாற்றுக்கு 30 சதவீத முன்பணமாக 12,888 வெள்ளி 30 நவம்பருக்குள் செலுத்தவும், கால்நடை உரிமையாளர்களுடன் பேச இருவரை நியமிக்கவும் வாரியம் ஒப்புதல் அளிக்கிறது."

மரக் கணக்கெடுப்பு, மூன்று குத்தகையாளர்களின் விலைப்புள்ளி, ஆண்டுவாரிக் கணக்கு ஆகியவை இணைப்பில் உள்ளன. கேள்விகளை 12 நவம்பர் புதன்கிழமைக்குள் அனுப்பினால் கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் பதில் அனுப்பிவிடுவேன். நேரில் பார்க்க விரும்புவோர் 8ஆம் தேதி சனிக்கிழமை காலை 8 மணிக்கு எடைமேடைக்கு வாருங்கள், 14ஆம் நிரைக்கு அழைத்துச் செல்கிறேன்.

நன்றி.

கழக மேலாளர்