சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி: வீட்டில் பார்த்துக்கொள்ள

சித்தி, கார்த்தி அனுப்பிய மூன்று போட்டோவையும் பெரிதாக்கிப் படித்து எழுதியிருக்கிறேன். இதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரிஜினலை மடிக்காமல் ஃபைலில் வையுங்கள், ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்பார்கள்.

என்ன நோய்

ஹார்ட் அட்டாக். இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது குழாயில் அடைப்பு. மார்ச் 3 அன்றே வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மார்ச் 7, 2025 டிஸ்சார்ஜ்.

எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன் 45% என்று இருக்கிறது. நார்மல் 55-ஐ ஒட்டி இருக்கும். "பாதிகூட வேலை செய்யலையா" என்று பயப்படாதீர்கள், நல்ல இதயத்துக்கே 100 வராது. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கூடவே சர்க்கரை (மூன்று மாத சராசரி 8.2, அதிகம்), பிரஷர்.

மாத்திரைகள்

சம்மரியில் 1-0-1 என்று இருப்பது காலை, மதியம், இரவு. அதை நேரப்படி மாற்றிவிட்டேன்.

*காலை, டிபனுக்கு அரை மணி முன்*
– பான்டோப்ரசோல் 40 மி.கி., 1. வயிற்றுப் புண் வராமல் இருக்க.

*காலை, டிபனுக்குப் பின்*
– டிகாக்ரெலார் 90 மி.கி., 1
– மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 25 மி.கி., 1. நசுக்கவோ மெல்லவோ கூடாது.
– மெட்ஃபார்மின் 500 மி.கி., 1

*மதியம், சாப்பாட்டுக்குப் பின்*
– ஆஸ்பிரின் 75 மி.கி., 1

*இரவு, சாப்பாட்டுக்குப் பின்*
– டிகாக்ரெலார் 90 மி.கி., 1
– மெட்ஃபார்மின் 500 மி.கி., 1
– ராமிப்ரில் 2.5 மி.கி., 1
– அடோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., 1. கொழுப்புக்கு.

ராமிப்ரில் போட்டோவில் 25 போலத்தான் தெரிந்தது, புள்ளி மங்கல். வார்டுக்கு போன் செய்து 2.5 என்று உறுதி செய்துகொண்டேன். மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பி 2.5 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிகாக்ரெலாரும் ஆஸ்பிரினும்தான் ஸ்டென்ட் மறுபடி அடைக்காமல் காப்பவை. டிகாக்ரெலார் ஒரு வருடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. வாங்கி வந்தது 14 மாத்திரை, 7ஆம் தேதி இரவிலிருந்து கணக்குப் போட்டால் 14ஆம் தேதி காலையோடு தீரும். கார்த்தி, 12ஆம் தேதியே அடுத்த அட்டை வாங்கிவிடு. ஒருவேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு ஒன்றுதான், இரண்டாகப் போட வேண்டாம்.

*நெஞ்சு வலித்தால் மட்டும்*
– சார்பிட்ரேட் 5 மி.கி. உட்கார வைத்து நாக்குக்கு அடியில் ஒன்று. தலை சுற்றும் என்பதால் நிற்க விடாதீர்கள். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. "கேஸா இருக்கும்" என்று சித்தப்பா சொல்வார், கேட்க வேண்டாம்.

டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த பழைய கேப்ஸ்யூல் வீட்டில் இருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் புதிதோடு சேர்த்துப் போட்டுவிடுவார், இரண்டு மடங்காகிவிடும். பழைய பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5-ம் வேண்டாம், சம்மரியில் இல்லாததால் டியூட்டி டாக்டரிடமே கேட்டேன், நிறுத்தச் சொன்னார். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் இனி கிடையவே கிடையாது.

போக வேண்டிய தேதிகள்

– மார்ச் 14, வெள்ளி: இதய டாக்டர் ஓ.பி. முதல் நாளே கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்து ரிசல்ட்டோடு போங்கள். ராமிப்ரில் கிட்னிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான்.
– 6 வாரம் கழித்து, வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை. கணக்குப்படி ஏப்ரல் 18, அன்று புனித வெள்ளி. லேப், ஓ.பி. உண்டா என்று 14ஆம் தேதியே கேட்டுவிடுங்கள்.
– ஜூன் முதல் வாரம்: மறுபடி எக்கோ, சர்க்கரையின் மூன்று மாத சராசரி.

உடனே போன் செய்ய வேண்டியவை

மலம் கறுப்பாகப் போவது, மூக்கில் ரத்தம் நிற்காமல் வருவது, மயக்கம், மணிக்கட்டில் வீக்கம். மூச்சு வாங்கினாலும் சொல்லுங்கள்: டிகாக்ரெலாராலும் வரலாம், இதயத்தாலும் வரலாம், வீட்டில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வறட்டு இருமல் வந்தால் அவசரமில்லை, 14ஆம் தேதி சொன்னால் போதும், ராமிப்ரிலை மாற்றித் தருவார்கள்.

வலது கையால் ஒரு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதையும் தூக்க விடாதீர்கள். மார்ச் 14 அன்று போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.