25-ஆம் ஆண்டு சந்திப்பு: தேதியும் பங்குத் தொகையும் முடிவு செய்ய வேண்டும், முழுவதும் படியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். முத்துமாரி எழுதுகிறேன், 12 காமர்ஸ். கொஞ்சம் நீளமான செய்திதான். கடைசிவரை படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

2001 மார்ச்சில் பிளஸ் டூ எழுதி வெளியே வந்தோம். இந்த வருஷத்தோடு 25 வருஷம் ஆகிவிட்டது. "ஒரு நாள் எல்லாரும் கூடணும்" என்று இந்தக் குரூப்பில் பொங்கலுக்குப் பொங்கல் பேசுகிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நான், கருப்பசாமி, அந்தோணி, ராமலட்சுமி நாலு பேரும் கோவில்பட்டியில் உட்கார்ந்து பேசினோம். அப்புறம் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தோம். இடம் தர அவருக்குச் சம்மதம். தேதி முடிவானதும் முறையாகக் கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மண்டபம் எதுவும் வேண்டாம், நாம் படித்த இடத்திலேயே வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டுக் கூடலாம் என்பது எங்கள் நாலு பேருடைய யோசனை.

முதலில் யார் யார் வரலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மட்டுமான சந்திப்பு இல்லை. 1999-இல் நம்மோடு பத்தாவது எழுதிவிட்டுப் படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள், மில்லுக்குப் போனவர்கள், திருப்பூர், மும்பை என்று போனவர்கள். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். பாஸ் ஆனார்களா, ஃபெயில் ஆனார்களா என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. அவர்கள் வராமல் இந்தச் சந்திப்பு முழுமையாகாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் ஊரில், தெருவில் அப்படி யார் இருந்தாலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். பத்து பி பேச்சியம்மாள் கடைசியாகத் திருப்பூரில் இருந்ததாகக் கேள்வி. முதல் குரூப் முத்துக்குமார் புனேயில் இருக்கிறான் என்கிறார்கள். இவர்கள் எண் யாரிடமாவது இருந்தால் கருப்பசாமிக்கு அனுப்புங்கள்.

நம் வகுப்புப் பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குரூப்பில் 71 பேர் இருக்கிறோம், அதில் பெண்கள் 14 பேர்தான். வகுப்பில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருந்தோம். கல்யாணமாகி வெவ்வேறு ஊருக்குப் போனதும் தொடர்பு விட்டுப்போய்விட்டது. பலருக்கு வீட்டுக்காரர் எண்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு ஆண்கள் யாரும் நேரடியாகப் போன் செய்ய வேண்டாம், நானும் ராமலட்சுமியும் பேசுகிறோம். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார் என்று யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வரலாம். மாலை நாலரைக்கு நிகழ்ச்சியை முடித்துவிடுவோம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர பஸ் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான்.

இனி தேதி. மூன்று தேதிகளை எடுத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. காலையில் பள்ளியில் கொடியேற்றம் நடக்கும். பிள்ளைகளோடு நாமும் வரிசையில் நின்று கொடி வணக்கம் சொல்லிவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு, அப்படியே நம் நிகழ்ச்சியைத் தொடங்கலாம். மறுநாள் ஞாயிறு என்பதால் வெளியூர்க்காரர்கள் நிதானமாகக் கிளம்பலாம். ஆடி மாதம், கல்யாணங்கள் இருக்காது. பந்தல்காரரும் சமையல்காரரும் சுலபமாகக் கிடைப்பார்கள். மானாவாரி விவசாயம் பார்க்கிறவர்களுக்கும் விதைப்புக்கு முந்தைய ஓய்வான நேரம். உங்கள் ஊர் அம்மன் கொடை அந்த வாரத்தில் வருகிறதென்றால் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காந்தி ஜெயந்தி என்பதால் மூன்று நாள் சேர்ந்து விடுமுறை வரும். ஆனால் இதில் சில சிக்கல்கள் உண்டு. புரட்டாசி என்பதால் சாப்பாடு சைவம்தான். நம் பக்கம் விதைப்பு நடக்கும் நேரம். நவம்பர் 8 தீபாவளி, அதனால் சிவகாசியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்களுக்கும் அந்த மாதம் மூச்சு விட நேரம் இருக்காது. செய்யதும் மாடசாமியும் ஏற்கெனவே கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறையாக இருக்கும். துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்களில் சிலர் ஊருக்கு வரும் நேரம். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும் என்பதால் அந்தோணிக்குச் சம்மதம். பயம் மழைதான். நம் பள்ளி மைதானத்துக் கரிசலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை பெய்தால் செருப்போடு இரண்டு கிலோ மண்ணும் சேர்ந்து வரும். வயதான ஆசிரியர்களை அதில் நடக்க வைக்க முடியாது.

என்னுடைய ஓட்டு ஆகஸ்ட் 15-க்குத்தான். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் கருப்பசாமி கணக்கு சாரைப் போய்ப் பார்த்தான். சாருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, பக்கத்தில் வந்தால்தான் ஆளைத் தெரிகிறது. விஷயத்தைச் சொன்னதும், "பேரெல்லாம் ரிஜிஸ்டர் வரிசைப்படி பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டு வாடா, அன்னைக்கு அட்டெண்டன்ஸ் நான்தான் எடுப்பேன்" என்றாராம். அடுத்த மாதம் மதுரையில் அவருக்குக் கண் ஆபரேஷன். ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். டிசம்பர்வரை அவரைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. மொத்தம் ஒன்பது ஆசிரியர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரையும் வீட்டிலிருந்து காரில் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது நம் பொறுப்பு. நம்மில் மறைந்துபோனவர்களின் பெயர்களையும் சார் அந்த வரிசையிலேயே வாசிக்கட்டும். அந்தப் பெயர் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்போம்.

அடுத்தது பணம். குடும்பத்தோடு சேர்த்து 150 பேர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மதியச் சாப்பாடு இலைக்கு 220 வீதம் 33,000 ரூபாய். காலை டீ, வடை, மாலை சுக்குக் காபிக்கு 6,000. பந்தல், நாற்காலி, மைக்செட் 14,000. ஆசிரியர்களுக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் தலைக்கு 1,500 வீதம் 13,500. கார் வாடகை 6,000. போட்டோகிராபர், ஆளுக்கொரு குரூப் போட்டோ 8,000. பேனர், பூ, சில்லறைச் செலவு 4,000. மொத்தம் 84,500. அறுபது பேர் ஆளுக்கு 1,500 கொடுத்தால் 90,000 வரும். மீதி பள்ளிக்கான நிதியில் சேரும். குடும்பத்தோடு வந்தாலும் அதே 1,500தான், தலைக்கணக்கு பார்க்கப் போவதில்லை.

1,500 சிலருக்குச் சின்னத் தொகை, சிலருக்கு மூன்று நாள் கூலி. அதனால் இதைக் கட்டணமாக நினைக்காதீர்கள். முடிந்ததைக் கொடுங்கள். 200 கொடுக்க முடிந்தால் 200. ஒன்றும் முடியாது என்றால் ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். காரணம் யாரும் கேட்க மாட்டோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கணக்கு வைத்திருக்கும் ராமலட்சுமி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும்கூடத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதைப் பில்லோடு குரூப்பில் போடுவாள். பெயர் வரிசையாக எழுதி, பக்கத்தில் தொகையைப் போட்டு, அடுத்தவர் காப்பி பண்ணிச் சேர்க்கிற பட்டியலை இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் ராமலட்சுமிக்கு மட்டும் அனுப்புங்கள். அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியவர்களை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். நம்மிடம் அது நடக்கக் கூடாது.

பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டோம். பத்தாம் வகுப்பு அறைகளுக்கு இருபது பெஞ்ச் டெஸ்க் வேண்டும் என்றார். உடைந்துபோனவற்றை மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்ததை நேரிலேயே பார்த்தோம். ஒரு செட் 5,500 என்று கோவில்பட்டியில் விலை சொன்னார்கள், ஆக 1,10,000 ஆகும். இது 1,500-க்குள் வராது, விருப்பமுள்ளவர்கள் தனியாகக் கொடுப்பது. அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுத்தால் ரசீதும் கணக்கும் சரியாக இருக்கும் என்று அந்தோணி சொல்கிறான். அவன் ஆசிரியர், நடைமுறை தெரிந்தவன். அந்த வேலையை அவனே பார்த்துக்கொள்வான். இருபது முடியாவிட்டால் பத்து வாங்குவோம், அதுவும் நல்லதுதான்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. குடித்துவிட்டு யாரும் வரக்கூடாது, முந்தின இரவுக் கூட்டமும் நம் நிகழ்ச்சியின் பெயரில் வேண்டாம். பேனரில் பள்ளிப் பெயரும் வருஷமும் மட்டும்தான் இருக்கும். யார் படமும், கட்சிப் பெயரும், சாதி அடையாளமும் இருக்காது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: இந்தச் செய்திக்குக் கீழே ஓட்டுப் பெட்டி போடுகிறேன். ஒன்றுக்கு மேல் ஒத்துவந்தால் ஒத்துவருகிற எல்லாவற்றையும் தொடுங்கள். மே 10, ஞாயிறு இரவு ஒன்பது மணியோடு முடித்துக்கொள்வோம். பெரும்பான்மை எதுவோ அதுதான் தேதி, அதற்கப்புறம் மாற்றம் கிடையாது. தேதி அறிவித்த பிறகே பணம் அனுப்புங்கள், இப்போது வேண்டாம். ராமலட்சுமியின் ஜிபே எண் குரூப் விவரத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் 15 என்று முடிவானால் சென்னைக்காரர்கள் கவனிக்க: ரயிலில் 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். ஆகஸ்ட் 14 இரவு கிளம்ப ஜூன் 15 காலை எட்டு மணிக்கும், 16 இரவு திரும்ப ஜூன் 17 காலை எட்டு மணிக்கும் தயாராக இருங்கள். நெல்லை, முத்துநகர் இரண்டும் கோவில்பட்டியில் நிற்கும். விடுமுறை வாரம் என்பதால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கோவில்பட்டி ஸ்டேஷனில் காலையில் இறங்குகிறவர்களுக்குக் கருப்பசாமி வேன் ஏற்பாடு செய்கிறான். குளித்துக் கிளம்ப அவன் வீடும் அந்தோணி வீடும் இருக்கின்றன.

ஓட்டுப் போட்டதும் உங்கள் பெயரை இனிஷியலோடும், பத்தாவதில் எந்தப் பிரிவு, பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்பதோடும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். சாருக்கான அட்டெண்டன்ஸ் பட்டியலை நான்தான் எழுதுகிறேன்.

ஓட்டுப் பெட்டி:
எந்தத் தேதி உங்களுக்கு ஒத்துவரும்?
ஆகஸ்ட் 15, சனி
அக்டோபர் 4, ஞாயிறு
டிசம்பர் 27, ஞாயிறு
எந்தத் தேதியானாலும் வருவேன்