மலைக் காய்கறி, ரெண்டு நகரம், ஏழு மாசம்: சீக்கிரமே பெருசாகப் போயி மூடுன ஒரு ஸ்டார்ட்அப்

எம்பிஏ ரெண்டாம் வருஷம், தொழில்முனைவு பேப்பர், கேஸ் ஸ்டடி அறிக்கை. கிளாஸ்ல ரெண்டு செஷன், வர்றதுக்கு முன்னாடி படிச்சுட்டு வந்துருங்க.

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கம்பெனில நான் ஆபரேஷன்ஸ் பார்த்தேன், 14 மாசம். அதனால இது நடுநிலையான அறிக்கைன்னு நெனைக்காதீங்க, தப்புல எனக்கும் பங்கு இருக்கு. கம்பெனி பேரும் ஆளுங்க பேரும் வேண்டாம்னு விட்டுட்டேன், தொகையெல்லாம் ரவுண்ட் பண்ணிருக்கேன்.

ஆரம்பம்

கோத்தகிரி பக்கத்துல ஹட்டின்னு சொல்ற ஒரு மலைக் கிராமத்துல பொறந்த பையன் ஒருத்தர், கோயம்புத்தூர்ல அவர்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பர் ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து 2021 ஜூன்ல ஆரம்பிச்சாங்க. லாக்டவுன் நேரம், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போற கேரட்டும் பீட்ரூட்டும் அடிமாட்டு விலைக்குப் போயிட்டு இருந்துச்சு, கீழ கோயம்புத்தூர்ல அதே கேரட் நாலு மடங்கு விலை. சித்தப்பா தோட்டத்துச் சரக்கை ஒரு வாடகை பிக்கப்ல ஏத்தி சரவணம்பட்டி பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு நேரா கொண்டுபோய்க் குடுத்தாங்க, அவ்ளோதான் பிசினஸ்.

வேலை நடந்த விதம்தான் இந்தக் கேஸுக்கே உயிர், கொஞ்சம் பொறுமையா படிங்க. செவ்வாயும் வெள்ளியும் டெலிவரி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி 8 மணிக்குள்ள வாட்ஸ்ஆப் குரூப்ல ஆர்டர் போட்டுடணும். அந்த ஆர்டரைக் கூட்டிப் பார்த்துதான் தோட்டத்துல அறுக்கச் சொல்லுவாங்க. கேரட்டை மிஷின்ல கழுவிட்டா அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது, ஒரு நாள் தாண்டுனா கறுக்க ஆரம்பிச்சுடும்னு மலையில எல்லாருக்கும் தெரியும், அதனால கழுவுன அன்னைக்கே வண்டி இறங்கிடும். கொடோன் இல்ல, குளிர் ரூம் இல்ல, மிச்சம்னு ஒண்ணு இல்ல. குரூப்ல வீடு 180 ஆச்சு, மாசம் சுமார் 1,250 ஆர்டர்.

அப்புறம் அந்த அபார்ட்மென்ட்ல ஒரு அக்கா இருந்தாங்க, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க. யாரு இந்த வாரம் ஆர்டர் போடலைன்னு அவங்களே பார்த்து போன் பண்ணுவாங்க, "என்னப்பா ஊருக்குப் போயிட்டியா, உனக்கு பீன்ஸ் சொல்லட்டுமா"ன்னு. பக்கத்து ரெண்டு அபார்ட்மென்ட்டைப் புடிச்சுக் குடுத்ததும் அவங்கதான். சம்பளம் கிடையாது, வாராவாரம் ஒரு கட்டு லெட்டூஸ் ஃப்ரீ. இவங்களை மனசுல வெச்சுக்கோங்க.

அப்போ ஒரு ஆர்டரோட கணக்கு: வரவு 420 ரூபாய். காய் 230, பேக்கிங் 20, மலையில இருந்து இறக்குற வண்டி 38, வீட்டுக்குக் கொண்டுபோறது 30, கழிவு 8. மொத்தம் 326 போக ஒரு ஆர்டருக்கு 94 ரூபாய் கையில நிக்கும். மாசம் 1,17,500. ரெண்டு பேர் சாப்பிடலாம், கார் வாங்க முடியாது.

பணம் வந்துச்சு

2022 ஆகஸ்ட்ல சில ஏஞ்சல் முதலீட்டாளர்கள் சேர்ந்து 1.8 கோடி போட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், நாம போட்டுக் காட்டுன ஸ்லைடை நம்பித்தான் போட்டாங்க. ஸ்லைடுல என்ன இருந்துச்சுன்னா, மூணு மாசம் கழிச்சும் பத்துக்கு ஏழு வீடு தொடர்ந்து வாங்குது, ஒரு கஸ்டமரைப் புடிக்க செலவே இல்ல, அப்போ பெங்களூர்லயும் சென்னையிலயும் எத்தனை அபார்ட்மென்ட் இருக்குன்னு பெருக்கிப் பாருங்கன்னு. ரெண்டு நம்பரும் உண்மை. ரெண்டுக்கும் காரணம் அந்த அக்கா. அது எந்த ஸ்லைடுலயும் இல்ல.

பணம் வந்த ரெண்டாவது வாரம் ஆப் பண்ண ஆள் வெச்சோம், 14 லட்சம். பெங்களூர்லயும் சென்னையிலயும் ஹப், அட்வான்ஸும் குளிர் ரூமும் சேர்த்து 42 லட்சம். நீலகிரில பிளாஸ்டிக் தடைங்கறதால பேப்பர் பெட்டிதான், பிராண்ட் பேர் அச்சடிச்ச பெட்டி குறைஞ்சது 40,000 எடுத்தாத்தான் குடுப்பேன்னாங்க, பெட்டி 14 ரூபாய்னு 5.6 லட்சம். ஒரு ஆர்டர்கூட வெளியூர்ல வர்றதுக்கு முன்னாடியே 60 லட்சத்துக்கு மேல போயிடுச்சு. அந்தப் பெட்டில பாதிக்கு மேல இன்னமும் ஒரு தோட்டக்காரர் வீட்டு அட்டத்துலதான் கெடக்கு, அவங்க வீட்டுக் கோழி அதுல முட்டை போடுதாம்.

எங்க உடைஞ்சுது

மொத அடி ஆப்ல. ரெண்டு நாள் முன்னாடி ஆர்டர் போடணும்னா சிட்டில யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லி, இன்னைக்கு போட்டா நாளைக்குன்னு மாத்துனோம். கேட்க சின்ன மாத்தம். ஆனா அதுக்கப்புறம் ஆர்டர் தெரியாமலே அறுக்கணும், ஊகம் பண்ணித்தான் லோடு ஏத்தணும், மிஞ்சுனா குளிர் ரூம், அங்கயும் மிஞ்சுனா குப்பை. எங்க பிசினஸே முன்கூட்டி ஆர்டர்தான்னு எங்களுக்கே தெரியல, அதை ஏதோ சின்னக் கம்பெனியோட குறைன்னு நெனைச்சுத் தூக்கிப் போட்டோம்.

ரெண்டாவது ரோடு. மேப்ல பார்த்தா கோத்தகிரில இருந்து ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியா மைசூர் போயி பெங்களூர், கணக்கு சுலபம். காலையில அறுத்து, மதியம் கழுவி, சாயங்காலம் 6 மணிக்கு லோடு ஏத்துனா முதுமலைப் பக்கம் போறப்போ 9 ஆயிடும், ராத்திரி 9 மணில இருந்து காலை 6 வரைக்கும் பந்திப்பூர் ரோடு மூடி இருக்கும், யானைக் காடு, 2009ல இருந்தே அப்படித்தான். சரி கீழ இறங்கி சத்தியமங்கலம் வழியா போலாம்னா திம்பம் மலைப்பாதையிலயும் ராத்திரித் தடை, 2022 பிப்ரவரில ஹைகோர்ட் சொல்லி கண்டிப்பாக்கிட்டாங்க. ஆக மேட்டுப்பாளையம் இறங்கி அவிநாசி, சேலம், ஓசூர்னு சுத்தித்தான் போகணும், ஒரு ராத்திரி முழுசும் டிரைவர் முழிக்கணும், பெங்களூர் டிராஃபிக்ல மாட்டுனா காலை டெலிவரி மதியம் ஆயிடும். இது ஒண்ணும் ரகசியம் இல்ல, கூடலூர்ல எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் டீ குடிக்கற நேரத்துல சொல்லிருப்பார். ஹப்புக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாங்களே வண்டில உக்காந்து போயிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த வேலை என்னோடது, நான் பண்ணல.

மூணாவது கஸ்டமர். அக்கா மாதிரி ஆள் அங்க இல்ல, அதனால விளம்பரம். ஒரு புது கஸ்டமரைக் கொண்டுவர 340 ரூபாய் ஆச்சு, வந்தவங்க 70 ரூபாய் கூப்பன் இருக்கறவரைக்கும் வாங்குனாங்க, கூப்பன் முடிஞ்சதும் பத்துல ரெண்டு பேர் நின்னாலே பெருசு.

டிசம்பர்ல வெளியூர் ஆர்டர் ஒண்ணோட கணக்கு இப்படி இருந்துச்சு: பில் 380, கூப்பன் போக வரவு 310. காய் 215, பேக்கிங் 24, தூர வண்டி 46, ஹப் வாடகையும் ஆள் கூலியும் 52, வீட்டு டெலிவரி 55, கழிவு 34. மொத்தம் 426. ஒவ்வொரு ஆர்டருக்கும் 116 ரூபாய் நஷ்டம், அதுவும் விளம்பரச் செலவை சேர்க்காம. மாசம் 9,000 ஆர்டர், அப்போ 10.44 லட்சம் போச்சு. ஆர்டர் ஏற ஏற ஆபீஸ்ல கேக் வெட்டுனோம், உண்மையிலயே வெட்டுனோம். மேல சம்பளம், விளம்பரம், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்து மாசம் 25 லட்சம் மாதிரி கரைஞ்சுது.

தோட்டக்காரங்க

பணம் குறைய ஆரம்பிச்சதும் மொதல்ல நிறுத்துனது தோட்டக்காரங்களுக்குக் குடுக்கற பணத்தை, ஏன்னா அவங்கதான் சத்தம் போட மாட்டாங்க. ஒரு வாரத்துல குடுத்துட்டு இருந்தது அஞ்சு வாரம் ஆச்சு. மண்டி வியாபாரி விலையை அடிக்கறார்னுதான் நாம உள்ள போனோம், ஆனா அந்த வியாபாரி விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் குடுப்பார், ஆஸ்பத்திரி செலவுன்னா ராத்திரி 10 மணிக்கும் குடுப்பார். நாம விலைல ரெண்டு ரூபாய் கூடக் குடுத்தோம், முன்பணம் குடுக்கல. பாக்கி 11 லட்சம் ஆனப்போ பெரிய தோட்டக்காரர் ஒருத்தர் என்கிட்ட சொன்னது, "தம்பி, மண்டிக்காரன் ஏமாத்துவான்னு தெரிஞ்சு குடுக்கறேன், நீ ஏமாத்த மாட்டேன்னு நம்பிக் குடுத்தேன்." மறுவாரம் அவர் லோடு மேட்டுப்பாளையம் போயிடுச்சு. நல்ல சரக்கு போனதும் எங்க பெட்டில ரெண்டாந்தரம் வந்துச்சு, அதுக்கப்புறம் கோயம்புத்தூர் குரூப்பும் கலைஞ்சுது. 2023 மார்ச்ல கையிருப்பு முடிஞ்சுது, மே மாசம் மூடுனோம். தோட்டக்காரங்க பாக்கியை ஃபவுண்டரோட அப்பா ஒரு துண்டு டீத்தோட்டம் வித்துக் கட்டுனார்.

பாடத்தோட இணைச்சுப் பார்க்க

ஸ்டீவ் பிளாங்க் ஸ்டார்ட்அப்னா என்னன்னு ஒரு விளக்கம் குடுத்திருக்கார், திரும்பத் திரும்ப நடத்தக்கூடிய, பெருசாக்கக்கூடிய ஒரு பிசினஸ் மாடலைத் தேடறதுக்காகப் போட்ட தற்காலிக அமைப்புன்னு. தேடறது முடியறதுக்கு முன்னாடியே கட்ட ஆரம்பிச்சாதான் இந்தக் கதி. நம்ம கேஸ்ல 180 வீட்டை வெச்சு தேடி முடிச்சாச்சுன்னு நெனைச்சோம், ஆனா ரெண்டாவது அபார்ட்மென்ட்லகூட அக்கா இல்லாம நடக்குமான்னு சோதிச்சுப் பார்க்கல.

பெரிய உதாரணம் வேணும்னா அமெரிக்காவுல வெப்வேன், மளிகை ஆன்லைன்ல விக்கற கம்பெனி. 1999ல டெலிவரி ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கொடோன் கட்ட பெக்டெல் கம்பெனியோட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டாங்க, 2001 ஜூலைல திவால். சாமான் வேண்டாம்னு ஜனங்க சொல்லல, கொடோன் நிறையற அளவுக்கு ஆர்டர் வரல. தொகையைத் தவிர எங்களுக்கும் அவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்லைன்னு தோணும்.

ஒரு எதிர்வாதமும் வைக்கறேன், கிளாஸ்ல யாராவது கண்டிப்பா கேப்பீங்க. வேகமாப் போகலைன்னா வேற எவனாவது புடிச்சிருப்பான்ல? நெட்வொர்க் பிசினஸுக்கு அது சரியா இருக்கலாம், பீட்ரூட்டுக்கு இல்ல. பெங்களூர்ல ஒருத்தர் நம்ம கேரட் வாங்கறதால பக்கத்து வீட்டுக்காரருக்கு கேரட் ருசி ஏறிடாது.

கிளாஸுக்கு வேலை

ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. 2022 ஆகஸ்ட், 1.8 கோடி பேங்க்ல இருக்கு, நீங்கதான் ஃபவுண்டர். மொத 10 லட்சத்தை எதுல போடுவீங்க, எந்த நம்பர் எந்த அளவைத் தொட்டா அடுத்த 10 லட்சத்தைத் தொடுவீங்க? "மார்க்கெட் ரிசர்ச் பண்ணுவேன்"னு எழுதுனா மார்க் கிடையாது, யாரைப் பார்க்கப் போவீங்க, என்ன கேப்பீங்கன்னு எழுதணும்.

அப்புறம் மேல உள்ள 426 ரூபாய் கணக்கை எடுத்துக்கோங்க. கூப்பனை எடுத்துட்டு, பழைய ரெண்டு நாள் முன்கூட்டி ஆர்டரைத் திரும்பக் கொண்டுவந்து, கழிவை 8 ரூபாய்க்கு இறக்குனா நஷ்டம் 116ல இருந்து 20 ஆயிடும், போட்டுப் பாருங்க. அந்த 20 ரூபாயை எதுல குறைப்பீங்க, இல்ல பெங்களூரையே விட்டுடுவீங்களா?

ரெண்டாவது செஷனுக்கு அந்த அக்காவைக் கூப்பிட்டிருக்கேன், வர்றேன்னு சொல்லிருக்காங்க. கேள்வியை முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, அவங்க பதிலுக்கு ரெண்டு கேள்வி கேப்பாங்க.