பொருள்: வி.எம்.சி. புரோகிராமர் விண்ணப்பம் – என் ரெஸ்யூமேயில் உள்ளது எக்செல் மேக்ரோ அல்ல

12 மார்ச் 2025
கணபதி, கோவை

மதிப்புக்குரிய மேடம்,

வணக்கம். வி.எம்.சி. மிஷினுக்கான புரோகிராமர்-கம்-செட்டர் வேலைக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு நேற்று மாலை உங்கள் பதில் வந்தது. "பாராமெட்ரிக் புரோகிராமிங் அனுபவம் கட்டாயம் தேவை, உங்கள் ரெஸ்யூமேயில் எக்செல் மேக்ரோ மட்டும்தான் உள்ளது, மற்றபடி ஆபரேட்டர் அனுபவம்" என்று காரணத்தையும் எழுதியிருந்தீர்கள். காரணம் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம். நீங்கள் சொன்னதால்தான் எங்கே தவறு நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முதலில் நன்றி.

மேடம், நீங்கள் இல்லை என்று சொன்ன அந்த வேலையைத்தான் நான்கு வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். என் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

`Fanuc 0i-MF, Custom Macro B (G65), MS Excel`

இதில் `Custom Macro B` என்பது எக்செலைச் சேர்ந்தது அல்ல. ஃபானுக் கன்ட்ரோலில், அதாவது மிஷினின் கன்ட்ரோல் பேனலுக்குள்ளேயே, மாறிகளை வைத்து புரோகிராம் எழுதும் முறையின் பெயர் அது. உங்கள் விளம்பரத்தில் பாராமெட்ரிக் புரோகிராமிங் என்று கேட்டிருப்பதும் இதையேதான். ஷாப்பில் நாங்கள் மேக்ரோ என்போம், விளம்பரத்தில் பாராமெட்ரிக் என்று வரும். பக்கத்திலேயே எக்செல் என்று நான் போட்டதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. தலைப்பும் "கம்ப்யூட்டர் அறிவு" என்று இருந்தது. அந்த வரியை அங்கே வைத்தது என் பிழை. ஆனால் அந்த ஒரு வரியால் நான்கு வருட வேலை இல்லாமல் போய்விடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போனில் நீங்கள் தமிழில் பேசியதால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் இன்றே அனுப்பிவிடுகிறேன்.

இந்த வேலைக்குள் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். அரசு ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் டிரேடு முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, 2018 ஆகஸ்டில் குறிச்சி சிட்கோவில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பம்ப் கம்பெனிகளுக்கு கேஸ்டிங் மிஷினிங் செய்து தரும் இடம். பம்பின் இரண்டு பக்கமும் பைப்பை இணைக்கும் ஃபிளாஞ்ச் வரும், அதில் வட்டமாக போல்ட் துளைகள் போட வேண்டும். பி.என். 16 பிரஷர் ரேட்டிங்கில் டி.என். 80 சைஸ் என்றால் 160 மி.மீ. வட்டத்தில் 8 துளை, டி.என். 100 என்றால் 180-இல் 8 துளை, டி.என். 150 என்றால் 240-இல் 8 துளை. டி.என். 50-க்கு 125-இல் 4 துளை. ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு தனி புரோகிராம் இருந்தது. ஒவ்வொரு துளையின் எக்ஸ், ஒய் அளவையும் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு கையால் அடித்து வைத்திருந்தார்கள்.

2021-இல் ஒரு நைட் ஷிஃப்ட். டி.என். 100 சைஸ் அவசரமாக வந்தது. பழைய புரோகிராமைத் திருத்தி ஓட்டச் சொன்னார்கள். முதல் துளைக்கு எக்ஸ் 83.149, ஒய் 34.442 என்று வர வேண்டும். என்னோடு வேலை செய்த அண்ணன் 34.442 என்பதை 43.442 என்று அடித்துவிட்டார். 9 மி.மீ. தள்ளித் துளை விழுந்தது. கேஸ்டிங் ஸ்கிராப். அது பவுண்டரியிலிருந்து வந்து ஃபேசிங், போரிங் எல்லாம் முடிந்த பீஸ். அண்ணன் அதை டிராலியில் வைத்துவிட்டு விடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. அதிகாலை மூன்று மணிக்குப் பதினாறு எண்களைக் கையால் அடிக்க வைத்தால் யாருக்கும் அது நடக்கும். அந்த எண்களையெல்லாம் மிஷினே கணக்கிட்டுக்கொள்ள வழி உண்டு என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். மறுநாளே மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன்.

மூன்று வாரத்தில் ஒரே மேக்ரோவில் எல்லா சைஸும் வந்துவிட்டது. என் இப்போதைய நிறுவனத்தின் புரோகிராம்களையும் கஸ்டமர் டிராயிங்குகளையும் வெளியே தர முடியாது, தரவும் மாட்டேன். அதனால் இந்தக் கடிதத்துக்காகவே ஸ்டாண்டர்டு ஃபிளாஞ்ச் அளவை வைத்து நேற்று இரவு புதிதாக ஒன்று எழுதினேன்:

```
O9100
IF[#11EQ#0]THEN #3000=1(H MISSING)
#30=1
WHILE[#30LE#11]DO1
#31=#1+[#30-1]*360/#11
#32=#24+[#4/2]*COS[#31]
#33=#25+[#4/2]*SIN[#31]
G81X#32Y#33Z#26R#18F#9
#30=#30+1
END1
G80
M99
```

இதை மெயின் புரோகிராமிலிருந்து ஒரே வரியில் கூப்பிடலாம். டி.என். 100-க்கு இப்படி:

```
G65P9100X0.Y0.I180.A22.5H8.Z-28.R3.F110.
```

இதில் ஐ என்பது துளை வட்டத்தின் விட்டம், எச் துளைகளின் எண்ணிக்கை, ஏ முதல் துளையின் கோணம். 22.5 டிகிரி போட்டிருப்பதற்குக் காரணம், ஃபிளாஞ்சில் துளைகள் சென்டர் லைன் மேல் விழக் கூடாது, அதன் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து விழ வேண்டும். டி.என். 150 வந்தால் 180-ஐ 240 ஆக்கி, டிரில்லையும் ஆழத்தையும் ஃபீடையும் டிராயிங்குக்கு ஏற்றபடி மாற்றினால் போதும். 83.149-உம் 34.442-உம் யாரும் அடிக்க வேண்டியதில்லை. எச் போட மறந்துவிட்டால் முதல் வரியே அலாரம் கொடுத்து மிஷினை நிறுத்திவிடும். ஸ்பிண்டில், டூல் ஆஃப்செட், சேஃப் ஹைட் எல்லாம் மெயின் புரோகிராமில் இருக்கும், இடம் கருதி இங்கே எழுதவில்லை.

மேடம், இதை நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் ஷாப்பில் புரோகிராம் எழுதும் யாரிடமாவது இந்தப் பகுதியை மட்டும் காட்டுங்கள். இதை எழுதியவருக்கு பாராமெட்ரிக் புரோகிராமிங் தெரியுமா தெரியாதா என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம் ஆபரேட்டர் விஷயம். என் சம்பளச் சீட்டில் இன்று வரை ஆபரேட்டர் என்றுதான் இருக்கிறது. ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் அதையே எழுதினேன், ஏனென்றால் சம்பளச் சீட்டில் இல்லாத பதவியை நானாகப் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிறிய யூனிட்டுகளில் இது சாதாரணம். சேர்ந்த அன்று போட்ட பதவிதான் கடைசி வரை ஓடும், வேலை மட்டும் மாறிக்கொண்டே போகும். 2021 முதல் எங்கள் மூன்று வி.எம்.சி.க்கும் புரோகிராம், முதல் பீஸ் செட்டிங், ஃபிக்ஸ்சர் ஜீரோ எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. இரண்டாம் பக்கத்தில் வேலை விவரமாக அதை எழுதியிருக்கிறேன். உங்கள் விளம்பரம் கேட்பது மூன்று வருடம்.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். சீமென்ஸ் 828டி கன்ட்ரோலில் மிஷின் ஓட்டியிருக்கிறேன், செட்டிங் செய்திருக்கிறேன். ஆனால் அதில் ஆர்-பாராமீட்டர் வைத்துச் சொந்தமாக எழுதியது மிகவும் குறைவு. நான்காவது ஆக்சிஸை இண்டெக்ஸிங்குக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். ஐந்து ஆக்சிஸ் மிஷினில் வேலை செய்ததில்லை. உங்கள் வேலைக்கு இவை முக்கியம் என்றால், அந்தக் காரணத்துக்காக என்னை வேண்டாம் என்று சொல்வது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று பதிவு செய்திருப்பதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. அந்த மேக்ரோவை நான் கற்றுக்கொண்டது வேலை முடிந்த இரவுகளில், ஒரு கேஸ்டிங் வீணானதைக் கண்ணால் பார்த்த வலியில். நேற்று உங்கள் பதிலைப் படித்தபோது மனது கஷ்டப்பட்டது, மறைக்க விரும்பவில்லை.

வேலையைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தை டெக்னிக்கல் ஆள் ஒருவர் ஒருமுறை பார்க்கட்டும். அவருக்குச் சரி என்று பட்டால் ஒரு டிராயிங் கொடுங்கள். உங்கள் ஷாப்பிலேயே, உங்கள் ஆட்கள் முன்னால், பேப்பரில் புரோகிராம் எழுதிக் காட்டுகிறேன். மிஷினில் டிரை ரன் போடச் சொன்னாலும் தயார். இண்டர்வியூ இடங்கள் நிறைந்துவிட்டன என்றால், உங்கள் போர்ட்டலில் என் பெயருக்கு எதிரே உள்ள காரணத்தையாவது மாற்றிவிடுங்கள். ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் ஆறு மாதம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று அதில் போட்டிருக்கிறது. அடுத்த முறை என் பெயரைத் திறப்பவர் இந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த மற்ற ரெஸ்யூமேக்களிலும் பலர் மேக்ரோ என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள். பக்கத்தில் ஃபானுக் என்றோ `G65` என்றோ இருந்தால் அதுவும் மிஷின் மேக்ரோதான். என்னைப் போல வேறு யாரும் விடுபட்டிருக்கிறார்களா என்று முடிந்தால் ஒருமுறை பாருங்கள்.

திருத்திய ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். அதில் எக்செலைத் தனி வரிக்கு மாற்றி, புரோகிராமிங் வேலையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். புதிதாக எதுவும் சேர்க்கவில்லை, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். என் இப்போதைய முதலாளிக்கு நான் வேறு வேலை தேடுவது தெரியாது, அதனால் தயவுசெய்து அங்கே கூப்பிட வேண்டாம். என்னோடு வேலை செய்து, இப்போது வேறு இடத்தில் இருக்கும் பழைய சூப்பர்வைசர் என் வேலையைப் பற்றிப் பேசச் சம்மதித்திருக்கிறார். கேட்டால் அவர் எண்ணைத் தருகிறேன்.

இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை எப்போது வேண்டுமானாலும் போனில் பேசலாம், அந்த நேரத்தில் நேரிலும் வர முடியும். சனிக்கிழமை முழு நாளும் ஃப்ரீ.

இப்படிக்கு,
மு. சரவணகுமார்

இணைப்பு: திருத்திய ரெஸ்யூமே, பழைய ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கம், அந்த வரியை மஞ்சளில் காட்டியது.