கட் பண்ணாதீங்க மச்சான்

(இருவர் பாட்டு. அவள் மட்டக்களப்பு கல்லடியில், அவன் கட்டாரில் ஒரு கேம்ப் அறையில். கட்டார் நேரம் நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தினது.)

பல்லவி

அவள்:
கட் பண்ணாதீங்க மச்சான் – எண்ட
கண்ணு ரெண்டும் உறங்கும் மட்டும்
கட்டார் நெட்டு அறுந்தா அறுகட்டும் – ஒங்கட
கையால அறுக்க வேணாம் மச்சான்

அவன்:
வெட்ட மனமில்ல புள்ள – சார்ஜு
அஞ்சு வீதம் நிக்குது புள்ள
கட்டிலுக்கு மேல படுத்தவன் உறங்க – நான்
கதைக்கிறன் போர்வைக்குள்ள

அனுபல்லவி

அவள்:
இங்க மணி ரெண்டாச்சு மச்சான் – தெரு
நாயும் குரைச்சு ஓஞ்சு போச்சு

அவன்:
இங்க இப்பதான் பதினொன்றரை – எனக்கு
ஓவர்டைம் முடிஞ்சு குளிச்சாச்சு

இருவரும்:
ரெண்டரை மணி இடைவெளிக்குள்ள – அடடா
எத்தின முத்தம் தேங்கிப் போச்சு

சரணம் 1

அவள்:
வாசல் லைட்ட நிப்பாட்டிப்போட்டன் – போன்
வெளிச்சத்தில நீங்க வாறீங்க
பேச வாயத் தொறக்கிறீங்க – சத்தம்
பின்னால நடந்து வருகுது
சிரிச்ச சிரிப்பு அப்பிடியே நிண்டு – முகம்
சதுரம் சதுரமா உடையுது
உடைஞ்ச துண்டில மூக்கத் தேடி – எண்ட
விரலு கண்ணாடி தடவுது

(பேச்சு)
அவள்: ஹலோ… மச்சான்? கேக்குதா?
அவன்: கேக்குது, கேக்குது. நீ கதை.

அவன்:
நெட்டு வந்திட்டு, வந்திட்டு புள்ள – உண்ட
நெத்தி மட்டும்தான் தெரியுது
கிட்டப் பிடிச்சிட்டாய் போன – கொஞ்சம்
கீழ எறக்கினாக் காணும் எனக்கு
மூக்குத்தி பாத்தாச்சு, கொடியும் பாத்தாச்சு – நுளம்பு
கடிச்ச கன்னமும் பாத்தாச்சு
நுளம்புக்குக் கிடைச்ச கன்னம் எனக்கில்ல – அந்த
நுளம்பு மேல கோவம் வந்தாச்சு

(பல்லவி)

சரணம் 2

அவள்:
பறுவத்தண்டைக்குத் தம்பிட தோணியில – நான்
பாலத்தடிக்குப் போனன் மச்சான்
துடுப்புட தட்டத் தண்ணிக்குள்ள வச்சன் – மற்ற
நுனியில போன ஒட்டினன் மச்சான்
ஊருக்கே பேரு மீன் பாடும் தேன்நாடு – அந்த
மீனப் பாட வைக்கத்தான் போனன்
காத்து நிண்டு, தண்ணியும் அசையல – ஒங்கட
காதில ஏதும் விழுந்திச்சா மச்சான்

அவன்:
மீனுட பாட்டுக் கேக்கல புள்ள – பாலத்து
மோட்டர் சைக்கிள்தான் கேட்டிச்சு
கண்ணாடி வளையல் துடுப்பில முட்டி – அது
கட்டார் மட்டும் வந்திச்சு
ரெக்கோட் பண்ணி வச்சிரிக்கன் புள்ள – விடிய
நாலு மணிக்கு பஸ் ஏறக்குள்ள
பக்கத்தில ஆக்கள் தூங்கி வழிய – உண்ட
வளையல் கேக்கும் என் காதுக்குள்ள

சரணம் 3

அவள்:
எழுவான்கரையில நான் மச்சான் – நீங்க
படுவான்கரைக்கும் எவ்வளவோ அங்கால
எனக்கு விடிஞ்ச அதே சூரியன்தான் – ஒங்கள
எழுப்ப வருகுது பின்னால
கச்சான் காத்து மேக்கால வருகுது – நீங்க
இரிக்கிற பக்கம் எண்டு நினைச்சன்
மூஞ்சில அடிச்ச அந்தச் சூட்டுக்குள்ள – ஒங்கட
மூச்சு இரிக்கோ எண்டு நிண்டன்

அவன்:
கேம்பில சோறு இரிக்கி, கறியும் இரிக்கி – உண்ட
சூடை மீன் ஆணம் இல்லப் புள்ள
சட்டியில கொதிக்கக் காட்டினாய் போனில – நான்
வெறும் சோத்தப் பிசைஞ்சன் புள்ள

அவள்:
அரைவாசி கட்டின வீட்டுக்குள்ள – டோர்ச்ச
அடிச்சுக் காட்டிறன் பாருங்க
கதவுநிலை வச்சாச்சு, கூரதான் இல்ல – மேல
கார்த்திக வெள்ளியும் பாருங்க
நாம படுக்கிற அறை இது மச்சான் – ஜன்னல்
வாவிப் பக்கம் வச்சிரிக்கன்
சீமெந்துப் பேக்க அடுக்கி அதுமேல – ஒங்களக்
கையில வச்சு இருந்திரிக்கன்

அவன் (மெதுவாக):
செவரப் பாத்தன், ஜன்னலப் பாத்தன் – அதில
கொண்ட போட்ட நிழலும் பாத்தன்
ஒப்பந்தம் நீட்டச் சொன்னாங்க புள்ள – நான்
ஏலாதெண்டு சொல்லிட்டன்

(பேச்சு)
அவள்: என்ன? இன்னொருக்காச் சொல்லுங்க. நெட் இழுத்திட்டு.
அவன்: ஏலாதெண்டு சொல்லிட்டன் புள்ள. மார்கழி மழைக்குள்ள வந்திருவன்.
அவள்: கூரைக்குக் காசு?
அவன்: தகரத்தப் போடுவம். ஓடு பிறகு பாப்பம்.

முடிப்பு (தாளம் ஏறி, கும்மி நடையில்)

அவள்:
சொக்கலேட் வேணாம், சோப்பும் வேணாம் – அந்தக்
கம்பளிப் போர்வையும் வேணாம் மச்சான்
கட்டுநாயக்காவில இறங்கின கையோட – ராக்
கோச்சியப் பிடிச்சு வாங்க மச்சான்

அவன்:
வெலிக்கந்த தாண்டி வரக்குள்ள புள்ள – என்
நித்திரை எல்லாம் போயிரும்
ஏறாவூர் வந்தாப் பெட்டியத் தூக்கி – நான்
வாசலில வந்து நிண்டிருவன்

அவள்:
மட்டக்களப்பு ஸ்டேஷனில நிப்பன் – அந்தப்
போனப் பொக்கட்டில போடுங்க மச்சான்
தம்பிட மோட்டர் சைக்கிள் நான்தான் ஓடுவன் – பின்னால
இறுக்கிப் பிடிச்சு இருங்க மச்சான்!