பொருள்: அப்பாவின் சதாபிஷேக மலர் – 12ஆம் தேதிக்குள் 500 பிரதிகள் இயலாது, மாற்று ஏற்பாடு

சிவகாசி
2.12.2025

அன்புள்ள அம்மா,

வணக்கம். நேற்று இரவு நீங்கள் அனுப்பிய செய்தியைக் காலையில் பைண்டிங் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஜனவரியில் தருவதாகப் பேசியிருந்த 500 பிரதிகளையும் வரும் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமைக்குள் திருக்கடையூரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களால் முடியாது. "பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு 11ஆம் தேதி இரவு கையை விரிப்பதைவிட, இன்றே சொல்வதுதான் முறை.

30 சதவீதம் கூடுதலாகத் தருவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பணம் வேண்டாம். ஆள் பற்றாக்குறை மட்டும் என்றால் இரவு ஷிப்ட் போட்டுச் சமாளித்திருப்பேன். உங்கள் புத்தகம் எழுத்துப் பக்கங்கள் 256, ஆர்ட் பேப்பரில் படங்கள் 32. பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் என்றால் 18 பாரம். அச்சடித்த தாள் மை காய்ந்த பிறகுதான் மடிப்புக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுக்கி, தைத்து, முதுகில் பசை தடவி, அட்டை ஏற்றி, கனமான எடையின் கீழ் வைக்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் ஒரு நாள் முன்னதாக எடுத்தாலும் அட்டை அப்பளம் போல வளைந்துவிடும். போன வருடம் ஒருவருக்கு மனம் இரங்கி அப்படி எடுத்துக் கொடுத்தேன். மேடையில் புத்தகத்தைப் பிரித்தவர் கையோடு நான்கு தாள் கழன்று வந்தது. இன்னொரு முறை அதைச் செய்ய மனமில்லை. போதாததற்கு இது காலண்டர் சீசன். 20ஆம் தேதி வரை இரண்டு மெஷினும் முன்பே ஒப்புக்கொண்ட வேலையில் ஓடுகின்றன. அவர்களை நிறுத்திவிட்டு உங்கள் வேலையை ஏற்றுவது நியாயமில்லை.

உள்ளடக்கமும் இன்னும் முடியவில்லை. தாத்தாவின் பெயர் 17ஆம் பக்கத்தில் 'இராமசாமி', 63ஆம் பக்கத்தில் 'ராமசாமி'. 41ஆம் பக்கத்துக் கல்யாணப் படத்தின் கீழ் பெரியப்பாவும் மாமாவும் இடம் மாறி நிற்பதாக உங்கள் தம்பி தொலைபேசியில் சொன்னார். எழுதி அனுப்புவதாகச் சொன்ன திருத்தம் இன்னும் வரவில்லை. அதே படம் வாட்ஸ்அப்பில் வந்ததால், முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கினால் முகங்கள் கலங்குகின்றன. மூலப் படத்தைக் கூரியரில் அனுப்புங்கள். ஸ்கேன் செய்துகொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம்.

14ஆம் தேதி அப்பா கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்று புரிகிறது. அதற்கு வழி இருக்கிறது. 25 பிரதிகளை மட்டும் டிஜிட்டல் அச்சில், மெல்லிய அட்டையுடன், பசை பைண்டிங்கில் தருகிறேன். மேடையில் வெளியிடவும் மூத்தவர்களுக்குக் கொடுக்கவும் அது போதும். இதற்கு எல்லாத் திருத்தமும் 4ஆம் தேதி மாலைக்குள் எனக்கு வர வேண்டும். 6ஆம் தேதி இறுதி மெய்ப்பு உங்களுக்கு வரும். 8ஆம் தேதி மதியத்துக்குள் ஒப்புதல் தந்தால், 11ஆம் தேதி இரவு பார்சலில் ஏற்றி 12ஆம் தேதி உங்கள் கைக்குச் சேர்ப்பேன். பிரதிக்கு 450 ரூபாய், மொத்தம் 11,250. 8ஆம் தேதி தவறினால் இந்த 25 பிரதிகளுக்கும் என்னால் உறுதி சொல்ல இயலாது.

கெட்டி அட்டைப் பிரதிகள் 500க்கும் பேசிய விலையேதான். விழாவில் பெரியவர்கள் புரட்டிப் பார்த்தால் எப்படியும் நாலு பிழை கண்டுபிடிப்பார்கள். அவற்றையும் சேர்த்து 20ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். (சித்தப்பா ஒருவர் பெயர் விட்டுப்போகாத குடும்ப மலரை நான் இதுவரை பார்த்ததில்லை.) 22ஆம் தேதி பிளேட் போடுவோம். கிறிஸ்துமஸ் விடுமுறை போக 27ஆம் தேதிக்குள் அச்சு முடியும். அதன்பின் பைண்டிங்குக்குப் பத்து நாள். ஜனவரி 7 புதன்கிழமை லாரி ஏற்றினால் 9ஆம் தேதிக்குள் வந்துவிடும். பொங்கலுக்கு ஊர் வரும் சொந்தங்களுக்கு நீங்களே கையில் கொடுக்கலாம்.

இது ஒத்துவராது, வேறு அச்சகத்தில் பார்க்கிறீர்கள் என்றால் எனக்கு வருத்தமில்லை. பக்கம் கட்டிய கோப்புகளைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கான கூலியை மட்டும் கழித்துக்கொண்டு முன்பணத்தில் மீதியைத் திருப்பித் தருகிறேன். ஆனால் பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம், தையலா வெறும் பசையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் மெஷினில் 9, 10 தேதிகளை உங்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். நாளை மாலை வரைதான் பிடித்துவைக்க முடியும். அதற்குள் ஒரு வரி பதில் எழுதுங்கள். அப்பாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்